சிமென்ட் ஹாப்பர் சொல்லும் எடையை நம்பலாமா? லோடு செல் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பேட்சிங் பிளாண்டில் எடை தவறினால் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: இண்டிகேட்டரில் கேலிப்ரேஷன் மெனுவைத் திறந்து எண்ணைத் திருத்திவிடுவது. எங்கள் ஆர்எம்சி பிளாண்டிலும் அதுதான் நடந்தது. சர்வீஸ் ஆள் வருவார், எடைக்கல் வைப்பார், திருத்துவார், போவார். அடுத்த வாரம் கியூப் டெஸ்டில் மறுபடி கேள்வி வரும். பிளாண்டை நிறுவியவர்கள் ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்பதால், எந்த எண் சரி, எந்த எண் தவறு என்று சொல்லக்கூட எங்களிடம் அடிப்படை இல்லை. ஒரு சீசன் முழுக்க அப்படி இழுத்தடித்த பிறகு தெளிந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே இந்த வரிசையில் போங்கள். கேலிப்ரேஷன் இதில் ஆறாவதாக வருகிறது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரே ஒரு சிமென்ட் ஹாப்பர். மூன்று காலில் நிற்கிறது, ஒவ்வொரு காலுக்கும் 500 கிலோ ஷியர் பீம் லோடு செல் ஒன்று. காலி ஹாப்பரின் எடை 240 கிலோ. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 400 கிலோ சிமென்ட் எடுக்க வேண்டும்.

## 1. முதலில் எத்தனை மில்லிவோல்ட் வரவேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

லோடு செல் என்பது ஓர் இரும்புத் துண்டு. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும், இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். அதன் உடலில் குடைந்த பள்ளத்துக்குள், மெல்லிய உலோகத் தாளில் வெட்டிய நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்கள் ஒட்டப்பட்டிருக்கும். பொதுவாக ஒவ்வொன்றும் 350 ஓம். பாரம் ஏறும்போது இரண்டு இழுபடும், அவற்றின் மின்தடை கூடும். மற்ற இரண்டு அமுங்கும், அவற்றின் மின்தடை குறையும்.

எவ்வளவு கூடும்? முழு 500 கிலோ ஏறினால் இரும்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை கேஜில் மின்தடை மாற்றம் நீட்சியைப் போல் இரண்டு மடங்கு. ஆக 350 ஓமில் 0.7 ஓம் மாறும். சாதாரண மல்டிமீட்டரில் 0.7 ஓமை நம்பி அளக்க முடியாது. அதைவிட மோசம், வெயில் ஏறினாலே மின்தடையும் கொஞ்சம் நகரும். அதற்காகத்தான் பிரிட்ஜ்.

நான்கு கேஜ்களையும் ஒரு சதுரமாக இணைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டில் 10 வோல்ட் கொடுக்கிறார்கள். இதுதான் எக்சைட்டேஷன். மீதி இரண்டு மூலைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் சிக்னல். பாரம் இல்லாதபோது அந்த இரண்டு மூலைகளும் 5 வோல்ட்டில் சமமாக நிற்கும், வித்தியாசம் பூஜ்யம். முழு பாரத்தில் ஒன்று 5.010 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 4.990 வோல்ட்டுக்கு இறங்கும். வித்தியாசம் 20 மில்லிவோல்ட். வெயிலில் நான்கு கேஜும் ஒரே அளவு சூடானால் நான்கின் மின்தடையும் ஒன்றாக மாறும், மூலைகளின் வித்தியாசம் மாறாது. சூட்டை விட்டுவிட்டு வளைவை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பிரிட்ஜின் வேலை.

ஒரு வோல்ட் கொடுத்தால் முழு பாரத்தில் எத்தனை மில்லிவோல்ட் தரும் என்பதுதான் செல்லின் அடையாள எண். நம்முடையது 2 mV/V. சில இண்டிகேட்டர்கள் 10 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் கொடுக்கும், அப்போது கீழே வரும் மில்லிவோல்ட் எல்லாம் பாதியாகும். உங்களுடையது எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்று செல்களும் ஜங்ஷன் பாக்ஸில் பேரலலாக இணைகின்றன. பேரலலில் மில்லிவோல்ட் கூடாது, சராசரியாகும். இதில் ஒரு சௌகரியம் உண்டு: மூன்று செல்லும் ஒரே mV/V தருவதாக இருந்தால், சிமென்ட் ஒரு பக்கமாகக் குவிந்தாலும் மொத்தம் சரியாகவே வரும். கணக்கு இதுதான்:

```
mV = V × (mV/V) × எடை / மொத்தத் திறன்
   = 10 × 2 × எடை / 1500

காலி ஹாப்பர்  240 kg  →  3.20 mV
+ சிமென்ட்    400 kg  →  8.53 mV
1 kg                  →  0.0133 mV
```

ஒரு கிலோவுக்கு 13 மைக்ரோவோல்ட். இந்த எண்ணை மனதில் வையுங்கள். ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இறங்கினால் எடை ஏன் நகர்கிறது, சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போட்டால் எண் ஏன் ஆடுகிறது என்பதெல்லாம் இதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

## 2. தாள்களைக் கையில் வாங்காமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள்

செல் வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் சர்டிபிகேட் வரும். சீரியல் நம்பர், அந்தச் செல்லுக்கே உரிய துல்லியமான mV/V, பாரமில்லாத நிலையில் அதன் பூஜ்யம் எவ்வளவு தள்ளியிருக்கிறது, இன்புட் மற்றும் அவுட்புட் மின்தடை, ஒயர் நிறங்கள் எல்லாம் அதில் இருக்கும். செல் வந்த டப்பாவோடு இந்தத் தாளும் குப்பைக்குப் போவதுதான் வழக்கம். செல்லைப் பொருத்தும் முன்பே தாளைப் போட்டோ எடுத்து, எந்தக் காலில் எந்த சீரியல் நம்பர் என்று எழுதிவையுங்கள். பொருத்திய பிறகு அந்த நம்பர் பெரும்பாலும் பெயின்டுக்கும் சிமென்டுக்கும் அடியில் போய்விடும்.

இரண்டாவது, எடைக்கல்லின் சான்றிதழ். 20 கிலோ இரும்புக் கற்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாடகைக்கு எடுக்கும்போதே சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, சான்றிதழில் உள்ள நம்பர் கல்லில் உள்ள நம்பரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆளும் வண்டியும் வந்து இறங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஒரு நாள் போச்சு. வாடிக்கையாளரின் பொறியாளர் கேலிப்ரேஷன் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கேட்கும் முதல் தாளும் இதுதான்.

மூன்றாவது, இண்டிகேட்டரின் மேனுவலும் அதன் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டு சர்வீஸ் ஆளிடம் மட்டும் இருக்கும்படி விடாதீர்கள். பில்லைப் பாஸ் செய்யும் முன் கேட்டால் கொடுப்பார்கள், பிறகு கேட்டால் சுற்ற விடுவார்கள்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உள்நாட்டுத் தயாரிப்பு செல் ஒன்று சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். பணம் போவது வேறு இடத்தில். சிமென்டில் 2 சதவீதம் வரை விலகலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை IS 456 அனுமதிக்கிறது. 400 கிலோவில் அது 8 கிலோ. தவறு அந்த எல்லைக்குள்தானே என்று கூடுதல் பக்கம் விட்டுவைத்தால், ஒரு கன மீட்டர் பேட்ச் நூறு ஓடும் நாளில் 800 கிலோ, அதாவது பதினாறு மூட்டை சிமென்ட் சும்மா போகிறது. மூட்டை 350 ரூபாய் என்றாலும் நாளொன்றுக்கு 5,600 ரூபாய். குறைவுப் பக்கம் விட்டால் கியூப் உடையும்.

## 3. ஒயரை நிறத்தை நம்பி இணைக்காதீர்கள்

சிவப்பும் கறுப்பும் எக்சைட்டேஷன், பச்சையும் வெள்ளையும் சிக்னல் என்பது பரவலான வழக்கம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தாள் இல்லையென்றால் மல்டிமீட்டர் போதும். செல்லை ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கழற்றிவிட்டு, நான்கு ஒயரையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மொத்தம் ஆறு ஜோடி.

மின்தடை அதிகமாக வரும் ஜோடி எக்சைட்டேஷன். அதில் வெப்பத் திருத்தத்துக்கான ரெசிஸ்டர்களும் சேர்ந்திருப்பதால் 350-ஐத் தாண்டி 400 ஓம் பக்கம் காட்டும். அதற்கு எதிர் ஜோடி 350 ஓமை ஒட்டி வரும், அது சிக்னல். மீதி நான்கு ஜோடிகள் இவற்றைவிடக் குறைவாக இருக்கும். அவற்றில் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது: எக்சைட்டேஷன் பிளஸ்ஸிலிருந்து இரண்டு சிக்னல் ஒயருக்கும் ஒரே அளவு காட்ட வேண்டும், மைனஸிலிருந்தும் அப்படியே. ஒன்று மட்டும் சில ஓம் தள்ளியிருந்தால் உள்ளே கேஜ் அடிபட்டிருக்கிறது. அந்தச் செல்லை எந்தக் கேலிப்ரேஷனும் காப்பாற்றாது.

சிக்னல் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனால் பாரம் ஏற ஏற எண் இறங்கும். ஒரு செல் மட்டும் மாறியிருந்தால் ஏமாற்றுவது அதுதான்: மொத்த எண் ஏறத்தான் செய்யும், ஆனால் ஏற வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். அதைக் கேலிப்ரேஷனில் இழுத்துச் சரிசெய்தவர்களும் உண்டு. அதற்கப்புறம் சிமென்ட் எந்தப் பக்கம் குவிகிறதோ அதற்குத் தகுந்தபடி எடை மாறும்.

கேபிள் நீளமாக இருக்கிறதே என்று வெட்டாதீர்கள். நான்கு ஒயர் செல்லில் அந்த நீளத்தையும் கணக்கில் எடுத்துத்தான் சர்டிபிகேட் எண் போடுகிறார்கள். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவையுங்கள். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போகும் நீள கேபிள் வேறு விஷயம். அங்கே ஆறு ஒயர் கேபிள் போடுங்கள், கூடுதல் இரண்டும் சென்ஸ் ஒயர்கள். தாமிரம் வெயிலில் சூடானால் அதன் மின்தடை மாறும், செல்லுக்குப் போய்ச் சேரும் வோல்ட்டும் மாறும். சென்ஸ் ஒயர் அந்த வோல்ட்டை இண்டிகேட்டருக்குச் சொல்லிவிடும், இண்டிகேட்டர் ஈடுசெய்துகொள்ளும். கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

## 4. பாரம் முழுக்கச் செல் வழியாக இறங்குகிறதா என்று பாருங்கள்

எனக்குத் தெரிந்து எடைப் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது, எலெக்ட்ரானிக்ஸில் இல்லை. லோடு செல் தன் வழியாகத் தரைக்குப் போகும் விசையை மட்டுமே அறியும். ஹாப்பரின் பாரத்தில் ஒரு பங்கு ஏதாவது பைப் வழியாகவோ சட்டம் வழியாகவோ இறங்கிவிட்டால், செல்லுக்கு அது தெரியவே தெரியாது.

ஹாப்பரைச் சுற்றி ஒரு முறை நடந்து, அதைத் தொடும் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மேலே ஸ்க்ரூ கன்வேயரோடு இணைக்கும் கேன்வாஸ் உறை, கீழே மிக்சரோடு இணைக்கும் உறை, பட்டர்ஃப்ளை வால்வின் ஏர் டியூப், வைப்ரேட்டரின் கேபிள், ஹாப்பர் ஆடாமல் தடுக்கும் ஸ்டே ராடு. உறைகள் தொளதொளவென்று இருக்க வேண்டும். புதிதாகப் போட்ட உறை மெத்தென்றுதான் இருக்கும். சிமென்ட் படிந்து ஈரம் பட்டால் சில மாதத்தில் அட்டை மாதிரி விறைத்துவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள். குழிய மறுத்தால் மாற்றிவிடுங்கள், விலை அற்பம். ஸ்டே ராடு கிடைமட்டமாக, நட் கொஞ்சம் தளர்ந்து, கையால் சுழற்றினால் சுழலும்படி இருக்க வேண்டும். யாரோ ஒருவர் ஆட்டம் தாங்காமல் அதை ஸ்பேனர் போட்டு இறுக்கியிருப்பார்.

செல்லுக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். மவுண்டின் இடைவெளியில் ஒரு ஜல்லி மாட்டியிருந்தாலோ சிமென்ட் இறுகியிருந்தாலோ, பாரம் செல்லைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் வெல்டிங். ஹாப்பரில் பற்றவைக்கும் வேலை வந்தால் முதலில் செல்களைக் கழற்றுங்கள், அந்த இடத்தில் இரும்புக் கட்டை வையுங்கள். வெல்டிங் கரண்ட் எர்த்துக்குப் போக வழி தேடும்போது செல் அதன் பாதையில் இருந்தால் கேஜ் கருகும். கழற்றவே முடியாத நிலை என்றால், இணைப்புகளைப் பிரித்துவிட்டு, எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஹாப்பரிலேயே மாட்டுங்கள். கீழே ஸ்ட்ரக்சரில் மாட்டினால் மூன்று புதுச் செல்லுக்கு ஆர்டர் போட வேண்டியதுதான்.

## 5. இப்போது மில்லிவோல்ட்டை அளந்து கணக்கோடு ஒப்பிடுங்கள்

கேலிப்ரேஷன் மெனுவைத் தொடும் முன் இந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள். ஹாப்பர் காலியாக இருக்கட்டும். மில்லிவோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டரை ஜங்ஷன் பாக்ஸில் சிக்னல் இரண்டிலும் வையுங்கள். சில இண்டிகேட்டர்கள் இதைத் திரையிலேயே காட்டும். 3.2 மில்லிவோல்ட்டை ஒட்டி வந்தால் நல்லது.

பிறகு செல்களின் சிக்னல் ஒயர்களைப் பிரித்து ஒவ்வொன்றாக அளங்கள். 240 கிலோவை மூவரும் சமமாகச் சுமந்தால் ஆளுக்கு 80 கிலோ, அதுவும் 3.2 மில்லிவோல்ட்தான். மூன்றும் அச்சாக ஒன்றாக வராது. வைப்ரேட்டர் ஒரு பக்கம் தொங்கினால் 2.8, 3.3, 3.5 என்று வரும், அது இயல்பு. ஒன்று 0.9 என்று வந்தால் அந்தக் காலில் பாரம் உட்காரவில்லை, அல்லது வேறு வழியில் இறங்குகிறது. மூன்று கால் ஹாப்பரில் இது அபூர்வம். நான்கு கால் ஹாப்பரில் ஒரு கால் சும்மா நிற்பது சகஜம், அந்தக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து ஏற்ற வேண்டும்.

சந்தேகப்படும் செல்லை ஜாக்கியால் தூக்கி பாரத்தை முழுக்க எடுத்துவிட்டு அளந்தால் அதன் பூஜ்யம் தெரியும். சர்டிபிகேட்டில் உள்ளதை ஒட்டி வர வேண்டும். நல்ல செல்லில் இது ஒன்றிரண்டு பத்திலொரு பங்கு மில்லிவோல்ட்டைத் தாண்டாது. ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் நிற்கிறதென்றால் எப்போதோ அளவுக்கு மீறிய பாரமோ அடியோ விழுந்து இரும்பு நிரந்தரமாக வளைந்துவிட்டது. இண்டிகேட்டர் அதையும் பூஜ்யமாக்கிக் காட்டும். ஆனாலும் மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் எண் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாக ஊர்ந்தால் முதலில் ஜங்ஷன் பாக்ஸைத் திறங்கள். கேபிள் நுழையும் கிளாண்டு வழியாக நீர் இறங்கியிருக்கும். செல்லின் இன்சுலேஷனைப் பார்க்க வேண்டுமானால் அதைத் தனியாகப் பிரித்து, எல்லா ஒயரையும் ஒன்றாக முறுக்கி, உடலுக்கும் அவற்றுக்கும் நடுவே 50 வோல்ட்டில் பாருங்கள். மோட்டாருக்கு வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கரைக் கொண்டுவராதீர்கள்.

## 6. கேலிப்ரேஷன்: அரை நாள் ஒதுக்குங்கள்

பேட்ச் ஓடாத நேரம், காற்று அதிகம் இல்லாத நேரம் பாருங்கள். காலை நல்லது. இண்டிகேட்டர் அரை மணி நேரமாவது ஆனில் இருந்திருக்க வேண்டும். முதலில் ஹாப்பரில் கிட்டத்தட்ட முழு பாரத்தை ஏற்றி இறக்குங்கள், மவுண்டுகள் ஒருமுறை உட்காரட்டும். பிறகு காலியாக வைத்து ஜீரோ பதியுங்கள்.

400 கிலோவுக்கு இருபது கல் வேண்டும். ஹாப்பரின் பக்கங்களில் கொக்கி போட்டுத் தட்டு தொங்கவிட்டு, மூன்று பக்கமும் சமமாக ஏற்றுங்கள். தட்டின் எடையை ஜீரோவோடு சேர்த்துவிடுங்கள். பத்துக் கல்தான் கிடைத்தது என்றால் பரவாயில்லை: 200 கிலோ வைத்து எண்ணைக் குறியுங்கள், கல்லை இறக்குங்கள், அதே எண் வரும்வரை சிமென்ட் விடுங்கள், அதன் மேல் மறுபடி 200 கிலோ கல்லை ஏற்றுங்கள். இப்போது பாரம் 400.

முழு பாரத்தில் திரை 400 காட்டும்படி ஸ்பான் பதித்த பிறகு, 100, 200, 300, 400 என்று ஏற்றியும் அதே படிகளில் இறக்கியும் எண்ணைக் குறியுங்கள். இறங்கும் வரிசையை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் பேசும். ஏறும்போது 200-க்கு 198, இறங்கும்போது 203 என்றால் எங்கோ உராய்வு இருக்கிறது, நான்காம் படிக்குத் திரும்புங்கள். பிழை எல்லாப் படியிலும் ஒரே சதவீதம் என்றால் ஸ்பான் தவறு, அதை இண்டிகேட்டரில் திருத்தலாம். எல்லாப் படியிலும் ஒரே கிலோ என்றால் ஜீரோ தவறு. பாரம் கூடக் கூடப் பிழையின் சதவீதமும் கூடி எண் பின்தங்கிக்கொண்டே போனால் ஹாப்பர் இறங்கி இறங்கி எதன் மீதோ உட்காருகிறது. இந்தக் கடைசி வகையை ஸ்பானில் திருத்துவது வீண்வேலை.

ஒரு மூலையில் மட்டும் கல்லைத் தொங்கவிட்டு, பிறகு அடுத்த மூலையில் அதே கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். எண் மாறினால் செல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஜங்ஷன் பாக்ஸில் உள்ள டிரிம்மரில் அதிகம் காட்டும் செல்லைக் குறைக்கலாம். அதன் பிறகு ஸ்பானை மறுபடி பதிய வேண்டும்.

ஆர்எம்சி பிளாண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். செல் மாற்றினாலும், கேபிள் மாற்றினாலும், ஹாப்பரில் வெல்டிங் நடந்தாலும் தேதியைப் பார்க்காமல் செய்துவிடுங்கள்.

## 7. செல் சரி, பேட்ச் தவறு: எங்கள் கதை

எங்கள் ஹாப்பரில் கல் வைத்தால் 400-க்கு 400 காட்டியது. ஆனால் சிமென்ட் எடுக்கும்போது திரையில் 400 வந்து ஸ்க்ரூ நின்றதும், வால்வு திறக்கும் முன்பே எண் மெதுவாக 393-க்கு இறங்கியது. சிமென்ட் எங்கும் ஒழுகவில்லை. கேலிப்ரேஷன் ஆள் இரண்டாம் முறை வந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் கல் வைக்கும்போது அந்தக் கோளாறு இருப்பதே இல்லை.

மேலே ஏறிப் பார்த்த மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஃபில்டர் பையை எப்போ தம்பி மாத்துனீங்க?"

ஸ்க்ரூ சிமென்ட்டைத் தள்ளும்போது ஹாப்பருக்குள் இருந்த காற்று வெளியேற வேண்டும். அதற்கான வென்ட் ஃபில்டர் அடைத்துக் கிடந்தது. காற்று உள்ளே அமுங்கி, மேலே உள்ள உறையின் வாய் அளவுக்குக் கீழ்நோக்கித் தள்ளியது. அந்த வாய் 300 மில்லிமீட்டர் விட்டம், பரப்பு 0.07 சதுர மீட்டர். உள்ளே அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் ஏறினாலே, அதாவது வெறும் 10 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு, 70 நியூட்டன் விசை வரும். லோடு செல்லுக்கு அது 7 கிலோ சிமென்ட். ஸ்க்ரூ நின்றதும் காற்று கசிந்து வெளியேறியது, எண்ணும் இறங்கியது. ஒவ்வொரு பேட்சிலும் 7 கிலோ சிமென்ட் குறைவாகப் போயிருக்கிறது. கிட்டத்தட்ட 1.75 சதவீதம், அனுமதியின் விளிம்பில். ஃபில்டர் பையை மாற்றியதும் எண் அசையாமல் நின்றது.

இதிலிருந்து ஒரு பழக்கம் எடுத்துக்கொண்டோம். ஃபீட் நின்ற பிறகு பத்து விநாடி எண்ணைப் பார்க்கிறோம். இறங்கினால் காற்றழுத்தம். சில கிலோ கூடிவிட்டு நின்றால் அது வேறு விஷயம்: ஸ்க்ரூவை நிறுத்தச் சொன்ன பிறகும் குழாயில் விழுந்துகொண்டிருக்கும் சிமென்ட். மணிக்கு 30 டன் தரும் ஸ்க்ரூ விநாடிக்கு 8 கிலோவுக்கு மேல் தள்ளும், ஒரு விநாடி தாமதமே எல்லையை மீறிவிடும். பிஎல்சியில் இதற்கென்று இன்ஃப்ளைட் என்ற எண் இருக்கிறது. தொடர்ந்து பத்து பேட்சில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து அதன் சராசரியைப் போடுங்கள். கடைசி 20 கிலோவை ஸ்க்ரூவை விட்டு விட்டு இயக்கி எடுக்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. இந்த ஆட்டத்துக்கும் லோடு செல்லுக்கும் சம்பந்தமே இல்லை, அதற்காக ஸ்பானில் கைவைக்காதீர்கள்.

## 8. ஆட்டோ டேரை ஆனில் விட்டுவிட்டு மறக்காதீர்கள்

கடைசியாக ஒரு செட்டிங். ஒவ்வொரு பேட்சுக்கும் முன் இண்டிகேட்டர் தானாகவே ஜீரோ ஆகும்படி பல பிளாண்டுகளில் வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஒவ்வொரு பேட்சும் 0-விலிருந்து 400-க்குப் போகும். ஆனால் ஹாப்பரின் சுவரில் சிமென்ட் ஒட்டிக்கொண்டே போனால், 400 எடுத்து 394 மட்டும் மிக்சருக்குள் விழும். மீதி 6 சுவரில் நிற்கும், அடுத்த பேட்சுக்கு முன் இண்டிகேட்டர் அதையும் ஜீரோவாக்கிவிடும். ரிப்போர்ட்டில் எல்லாமே 400. ஒட்டியது ஒருநாள் மொத்தமாக உதிர்ந்தால் அந்தப் பேட்சில் சிமென்ட் அதிகமாகிவிடும், அதுவும் ரிப்போர்ட்டில் 400-தான்.

ஆட்டோ டேர் வேண்டுமென்றால் அதற்கு ஒரு வரம்பு போடுங்கள்: காலி எடை 3 கிலோவுக்கு மேல் விலகினால் ஜீரோ செய்யாமல் அலாரம் அடிக்கட்டும். ஆபரேட்டர் ஒவ்வொரு ஷிப்ட் ஆரம்பத்திலும் டேர் இல்லாத மொத்த எண்ணை, நம்முடைய ஹாப்பரில் 240, நோட்டில் எழுதட்டும். பக்கத்தில் மில்லிவோல்ட்டையும் எழுதினால், 3.20 என்பது 3.28 ஆகும் நாளில் ஆறு கிலோ சிமென்ட் சுவரில் இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். ரப்பர் சுத்தியலோடு ஒருவரை மேலே அனுப்புங்கள்.